மூன்றில் புதன்: ஒரு கட்டத்துக்குள் வந்து சேர்ந்தவை

"மூன்றாம் இடத்தில புதன் நிக்கிறார். பெடியன் நல்லாக் கதைப்பான், சகோதர பலம் இருக்கு, பயப்பிடமாட்டான், கால் ஓரிடத்தில நிக்காது." சாத்திரியார் சாதகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லுவதை எங்களில் பலர் கேட்டிருப்போம். சகோதரம், துணிவு, குறும்பயணம், அன்றாடப் பேச்சு ஆகிய நாலும் ஒரே கட்டத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தன? அதற்குள் புதனுக்கு என்ன வேலை? சாத்திரம் பலிக்குமா பலிக்காதா என்ற பழைய சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த ஒரு கட்டத்தின் வரலாற்றை மட்டும் பார்ப்போம். சுருவிலில் இருந்து பார்த்தால் அது தூரத்துக் கதையும் இல்லை. யாழ்ப்பாணத்தின் பெயர் பெற்ற பஞ்சாங்கக்காரர்கள் வாழ்ந்த அராலி, வேலணைத் தீவுக்கு எதிரே கடல்நீரேரியின் மறுகரையில்தான் இருக்கிறது.

முதலில் சகோதரத்தையும் துணிவையும் எடுப்போம். இவை இரண்டும்தான் இந்தக் கட்டத்தின் பழைய குடிகள். 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் தன் பிருகத் சாதகத்தில் மூன்றாம் இடத்துக்குத் தரும் பெயர் 'சகோத்த'. கூடப் பிறந்தது என்று பொருள். இன்னொரு வடமொழிப் பெயர் 'விக்கிரம', அதாவது வீரம். தமிழில் சகோதர ஸ்தானம், தைரிய ஸ்தானம் என்று இரண்டையும் சொல்லுகிறோம். உடம்பில் மூன்றாம் இடத்துக்கு ஒதுக்கியது தோளும் கையும். தம்பி, தோள், வீரம் மூன்றும் ஏன் ஒன்றாக நிற்கின்றன என்பதற்கு நூல்களைப் புரட்டத் தேவையில்லை. 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்ற பழமொழி போதும். காணிச் சண்டையோ கடற்தொழிலோ, பின்னால் நிற்க ஆள் இருப்பவனே துணிந்தவன் என்று கணக்கிட்ட சமூகத்தின் அறிவு அது. அதுவே கட்டத்துக்குள் ஏறியிருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மூன்றாம் இடம் இளைய சகோதரத்துக்கு மட்டும்தான். மூத்தவர்களைப் பதினோராம் இடத்தில் பார்ப்பார்கள். சகோதர காரகன் என்று மரபு சொல்லுவது புதனை அல்ல, செவ்வாயை. புதனுக்குக் கொடுத்த காரகத்துவம் கல்வி, வாக்கு, கணக்கு, வியாபாரம், தாய்மாமன். ஆகவே பழைய முறையில் படித்த ஒரு சாத்திரியார் தம்பி தங்கையைப் பற்றிச் சொல்லும்போது மூன்றாம் இடத்தையும், அதன் அதிபதியையும், செவ்வாயையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். புதனைக் கண்டதும் 'சகோதர பலம்' என்று பாய்பவர் வேறு எங்கிருந்தோ படித்திருக்கிறார்.

அந்த 'வேறு எங்கிருந்தோ' எது என்று பார்க்க ஐரோப்பாவுக்குப் போகவேண்டும். 1647இல் லண்டனில் வில்லியம் லில்லி என்ற சோதிடர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அவருடைய மூன்றாம் இடத்தில் சகோதரர்கள், அயலவர்கள், உள்நாட்டுச் சிறு பயணங்கள், கடிதங்கள், வதந்திகள், தூதுவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த குறும்பயணமும் செய்திப் பரிமாற்றமும் அங்கே ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஒன்பதாம் இடம் தூரப் பயணம் என்றால், அதற்கு நேரெதிரே இருக்கும் மூன்றாம் இடம் கிட்டப் பயணம் என்பது அந்தக் கணக்கு. சுவாரசியம் என்னவென்றால், லில்லியும் இந்த இடத்துக்குத் துணையாகச் சொல்லும் கிரகம் செவ்வாய்தான். இராசி மட்டும் மிதுனம். மேஷத்திலிருந்து எண்ணினால் மிதுனம் மூன்றாவது, அதன் அதிபதி புதன், ஆகவே மூன்றாம் இடமே புதனுடையது என்று சுருக்கிச் சொல்லுவது பின்னால் வந்த ஐரோப்பியச் சோதிடர்களிடம் வலுப்பெற்ற பழக்கம்.

தமிழ் வாசகரிடம் இந்தக் கலவையைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமானவர் திருவையாற்றில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி (1908–1972). இன்று 'கேபி முறை' என்று சொல்லப்படுவது அவருடையது. மேற்கின் வீட்டுப் பிரிப்பையும் இந்திய நட்சத்திரப் பிரிப்பையும் இணைத்தவர் அவர். அந்த முறையில் கடிதம், தகவல், குறும்பயணம், இருப்பிட மாற்றம் எல்லாம் மூன்றாம் இடத்தில் பார்க்கப்படும். இன்றைக்குக் கைத்தொலைபேசியும் அதற்குள் வந்துவிட்டது. பழைய நூல் எதிலும் இல்லாத பொருளுக்குப் பழைய கட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அதை 'முனிவர்கள் அன்றே சொன்னது' என்று விற்பதுதான் சரியில்லை.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடந்ததும் இல்லை. வராகமிகிரர் புதனுக்குத் தரும் பெயர்களில் ஒன்று 'ஹேம்ன'. கிரேக்கர்களின் தூதுத் தெய்வமான ஹெர்மீஸின் பெயர்தான் வடமொழி உச்சரிப்பில் அப்படி மாறியிருக்கிறது. சூரியனை 'ஹேலி' என்கிறார், அது ஹீலியோஸ். நாங்கள் பஞ்சாங்கத்தில் பார்க்கும் 'ஓரை'யும் சாதகத்தில் சொல்லும் 'கேந்திரம்' என்பதும் கிரேக்கச் சொற்களே. கடல் கடந்து வந்தவற்றில் கடிதம் கொண்டு போகிறவனின் பெயரும் ஒன்று என்பது எங்களுக்குப் பிடித்த தகவல்.

அப்படியென்றால் பழைய யாழ்ப்பாணத்தார் குறும்பயணத்துக்கு எதைப் பார்த்தார்கள்? பிறந்த சாதகத்தின் மூன்றாம் இடத்தை அல்ல, புறப்படும் நாளை. இலங்கையில் தமிழில் சோதிடம் எழுதுவது மிகப் பழைய வழக்கம். 1310இல் தம்பதெனியா அரசவையில் போசராச பண்டிதர் அரங்கேற்றிய சரசோதிமாலையும், ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் செகராசசேகரமாலையும் பெரும்பாலும் எந்தக் காரியத்தை எப்போது தொடங்கலாம் என்று சொல்லும் நூல்கள். வீட்டு நாட்காட்டியில் இன்றும் இருக்கிற சூலம் அந்த வகைதான். திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். சுருவிலில் இருந்து கிழக்கே யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத் திங்கட்கிழமை போகவேண்டியவர் கொஞ்சம் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். புதன்கிழமை ஊர்காவற்துறையில் பாதை ஏறி வடக்கே காரைநகருக்குப் போகிறவருக்குப் பால். தடையும் பரிகாரமும் ஒரே வரியில் இருந்ததால் யாருடைய வேலையும் கெடவில்லை.

பயணம் என்று வந்துவிட்டால் தீவகத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1985 மே 15, ஒரு புதன்கிழமை. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தை உட்பட 20க்கு மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவாருக்கு அதைவிடக் குறும்பயணம் வேறில்லை, பஸ் ஏறுவது மாதிரித்தான். அந்தப் படகில் இருந்தவர்கள் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு நேரத்தில் பிறந்தவர்கள். அவர்களின் மூன்றாம் இடங்கள் எல்லாம் ஒரேமாதிரி இருந்திருக்க முடியாது. இதே கேள்வியை 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமில் சிசெரோ கேட்டிருக்கிறார்: கன்னே போர்க்களத்தில் ஒரே நாளில் விழுந்த அத்தனை பேருக்கும் ஒரே சாதகமா? அவருக்குக் கிடைத்த பதில்கள் எதுவும் எங்களுக்கும் திருப்தியாக இல்லை. ஆனாலும் போர்க்காலத்தில் காணாமற்போன தம்பிக்காக அக்காமார் சாதகக் கட்டோடு சாத்திரியாரின் படலையைத் திறந்தார்கள். அவர்களை மூடநம்பிக்கைக்காரர் என்று எழுத எங்களுக்குக் கை வராது. வேறு எந்தக் கதவும் அவர்களுக்குத் திறக்கவில்லை. பதில் தெரியாத இடத்தில் 'இருக்கிறான், வடக்கே இருக்கிறான்' என்று காசுக்குச் சொன்னவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கோபம்.

இனிக் கணக்குக்கு வருவோம். மூன்றில் புதன் என்று எழுத இரண்டு விஷயம் தெரியவேண்டும். பிறந்த நேரத்தில் கிழக்கே எந்த இராசி உதித்தது என்பது ஒன்று, அதுதான் லக்கினம், அதிலிருந்துதான் மூன்றை எண்ணுவது. புதன் எந்த இராசியில் நின்றது என்பது மற்றது. இரண்டிலும் பிழை வரும், வரும் விதம்தான் வேறு.

புதனில் தொடங்குவோம். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்பதற்குப் பலரும் புதன்கிழமையைச் சொல்லுவார்கள். வானத்தைப் பார்ப்பவர்களுக்கு அது கிரகத்தைப் பற்றியும் பொருந்தும். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. வியாழன் (பொன்) நடுஇரவிலும் தெரியும், புதனோ விடியப்புறமும் மைம்மலிலும் அடிவானத்தில் கொஞ்சநேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். பார்க்கக் கடினம் என்றால் கணிக்கவும் கடினம், கணித்ததைச் சரிபார்க்கவும் கடினம்.

பிழை இருந்தால் வானமே காட்டிக்கொடுக்கும் என்பதை யாழ்ப்பாணம் 1829 மார்ச் மாதத்தில் பார்த்தது. அராலி இராமலிங்க முனிவர் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பஞ்சாங்க மரபில் அப்போது இருந்தவர் விசுவநாத சாஸ்திரியார். (பிள்ளைப் பாக்கியம் பற்றிய சந்தான தீபிகை என்ற சோதிட நூலும் இராமலிங்க முனிவருடையதே. பிள்ளைகள் பற்றிய கவலை அந்தக் கரையில் அப்போதே இருந்திருக்கிறது.) சாஸ்திரியார் அந்த மாதத்துச் சந்திர கிரகணத்துக்கு நேரமும் அளவும் குறித்திருந்தார். வட்டுக்கோட்டை செமினரியில் இருந்த அமெரிக்க மிசனரி டானியல் பூர் தன் கணக்கைப் போட்டு, தொடங்கும் நேரமும் மறைப்பின் அளவும் வேறு என்று முன்கூட்டியே அறிவித்தார். ஊர் முழுக்கப் பார்த்திருக்க, வானம் பூரின் பக்கம் நின்றது. மிசனரிமார் அதைச் சமயப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள், அது வேறு கதை. அதோடு சாஸ்திரியாரின் மரபு பொய்யென்று ஆகிவிடவில்லை. ஒரு கிரகணத்தை நாள் பிசகாமல் சொல்லி, நேரத்தில் மட்டும் கொஞ்சம் தவறுவது சின்னக் கெட்டித்தனம் இல்லை. நூற்றாண்டுகளுக்கு முன் அமைத்த வாய்ப்பாட்டைத் திருத்தாமல் பயன்படுத்தினால் பிழை சிறுகச் சிறுகச் சேரும் என்பதைத்தான் அது காட்டியது.

அந்தப் பிளவு இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பழைய வாய்ப்பாட்டில் நடப்பது வாக்கிய பஞ்சாங்கம், வானில் காண்பதோடு ஒத்துப்போகத் திருத்தியது திருக்கணித பஞ்சாங்கம். திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026. ஒரு வருடம் வித்தியாசம்! புதன் வேகமாக ஓடுவதால் அதன் வித்தியாசம் நாள்கணக்கில்தான் வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இராசி எல்லையில் நிற்கும்போது அந்த இரண்டு மூன்று நாள் போதும், புதன் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

லக்கினத்தில் வரும் பிழைக்குக் காரணம் வானம் இல்லை, சுவர் மணிக்கூடு. 1996 மே 25இல் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே கிடந்தது. ஆகவே அந்தப் பத்து வருடங்களில் இலங்கை இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே பழைய நேரம்தான். தீவகம் 1990களின் தொடக்கத்திலேயே அரசப் படைகளிடம் போய்விட்டது, அங்கே புது நேரம். சுருவிலை விட்டு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன குடும்பமும் ஊரிலேயே இருந்த குடும்பமும் ஒரே விநாடியில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றிருந்தால், இரண்டு குறிப்பிலும் பிறந்த நேரம் வேறாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

இதை ஒரு கணக்காகச் செய்து பார்ப்போம். 2001 மே 25, சுருவிலில் விடியப்புறம் 3.40க்கு ஒரு பிள்ளை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். புது நேரம். சூரியன் ரிஷபத்தில் ஏறக்குறைய 10ஆம் பாகையில். திருக்கணிதப்படி புதன் மிதுனத்துக்கு வந்து சில நாள்தான், 2ஆம் பாகை அளவில் நிற்கிறது.

பல வருடங்கள் கழித்து அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார்கள். கனடாவிலோ சென்னையிலோ இருக்கும் ஒருவர், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தானே என்று 3.40ஐ அப்படியே போடுகிறார். அவருக்குக் கிடைக்கும் லக்கினம் மேஷம். மேஷத்துக்கு மூன்றாம் இடம் மிதுனம். அங்கே புதன், அதுவும் சொந்த வீட்டில் ஆட்சியாக! நாங்கள் தொடக்கத்தில் சொன்ன பலன் முழுவதும் அப்படியே கொட்டும். பேச்சு, துணிவு, தம்பி, பயணம்.

இப்போது அரை மணித்தியாலத்தைக் கழியுங்கள். பழைய நேரக் கணக்கில் பிள்ளை பிறந்தது 3.10க்கு. அன்று யாழ்ப்பாண வானத்தில் மேஷம் உதிக்கத் தொடங்கியது பழைய நேரம் 3.20ஐ ஒட்டித்தான். ஆகவே உண்மையான லக்கினம் மீனம். மீனத்துக்கு மூன்றாம் இடம் ரிஷபம், மிதுனம் நாலாம் இடம். புதன் மூன்றை விட்டுத் தாய்க்கும் வீட்டுக்கும் உரிய நாலாம் இடத்துக்குப் போய்விட்டது. மூன்றில் இப்போது நிற்பது சூரியன். லக்கினம் மாறியதால் பன்னிரண்டு வீடும் ஒவ்வொன்று நகர்ந்துவிட்டன, செவ்வாய்க் குற்றம் பார்க்கிற கணக்கும் அதோடு சேர்ந்து மாறும். ஒரு சம்பந்தம் தட்டிப்போக அது போதும்.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. இதே பிள்ளைக்கு நேரத்தைச் சரியாகத் திருத்தி மீன லக்கினம் போட்ட பிறகு, கிரகநிலையை மட்டும் வேறு பஞ்சாங்கத்தில் எடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பஞ்சாங்கத்தில் புதன் மூன்று பாகை பின்தங்கியிருந்தால் அது இன்னும் ரிஷபத்தில்தான். மீனத்துக்கு ரிஷபம் மூன்றாம் இடம். மறுபடியும் மூன்றில் புதன்! ஒரே பிள்ளை, ஒரே விடியப்புறம். மணிக்கூட்டைப் பிழையாக வாசித்தாலும் அந்தப் பலன் வரும், சரியாக வாசித்துவிட்டுப் பஞ்சாங்கத்தை மாற்றினாலும் வரும். பிள்ளையின் வாய் எந்தக் கணக்கிலும் அதே வாய்தான்.

இப்படியான பிழையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, அதற்குச் சாத்திரம் படிக்கத் தேவையில்லை. புதன் சூரியன் இருக்கிற இராசியிலோ அதற்கு அடுத்த வீட்டிலோ முந்திய வீட்டிலோதான் நிற்கமுடியும். மூன்றில் புதன் என்றால் சூரியன் இரண்டிலோ மூன்றிலோ நாலிலோ இருக்கவேண்டும். சூரியன் லக்கினத்தில் என்றால் சூரிய உதயத்தை ஒட்டிய பிறப்பு. இரண்டு, மூன்று, நாலு என்று போகப்போக உதயத்துக்கு முந்திய நேரம், ஒரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். ஆகவே மூன்றில் புதன் உள்ள எல்லாரும் ஏறத்தாழ இரவு 10 மணிக்கும் விடியலுக்கும் இடையில் பிறந்தவர்கள். மத்தியானம் பிறந்த ஒருவருடைய கட்டத்தில் மூன்றில் புதன் இருந்தால், கட்டம் பிழை அல்லது எழுதிய நேரம் பிழை. அந்தக் கட்டம் உறுதியாகச் சொல்லக்கூடிய செய்தி இது ஒன்றுதான் என்பது எங்கள் எண்ணம்: இந்தப் பிள்ளை இருட்டில் பிறந்தது.

இதை வெறும் வேடிக்கையாக எடுக்க முடியாத இடமும் உண்டு. மூன்றில் பாவக் கிரகம் நின்றால் 'இதுக்குப் பிறகு பிள்ளை தங்காது' என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. அடுத்த பிள்ளை தவறினால் பழி மூத்ததின் தலையில். துணிவுக்கு அதே கிரகங்கள் மூன்றில் நிற்பதே நல்லது என்று அதே மரபு சொல்லுகிறது என்பதை அந்த வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த ஒரு பிள்ளை, அரை மணித்தியாலப் பிழையில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சனிக்காக இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கவும் கூடும்.

கணினியில் சாதகம் போடுகிறவர்கள் நேர வலயத்துக்கு Asia/Colombo என்று தெரிவுசெய்தால் 1996, 2006 மாற்றங்கள் அதற்குள்ளேயே இருக்கும். +5:30 என்று கையால் அடித்தால் இருக்காது. வன்னியில் பழைய நேரத்தில் பிறந்தவர்களுக்கோ கதை தலைகீழ்: அவர்களுக்கு +5:30தான் சரி, Asia/Colombo பிழை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், 1942 முதல் 1945 வரை, இலங்கையில் நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது. அம்மம்மாவின் பழைய குறிப்பை எடுத்துக் கணக்குப் பார்க்க விரும்புகிறவர்கள் அதையும் கழிக்கவேண்டும். உங்கள் குறிப்பில் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் 'பு.நே.' என்றோ 'ப.நே.' என்றோ யாராவது சின்னதாக எழுதி வைத்திருந்தால் வேலை சுகம். இல்லாவிட்டால் நீங்கள் பிறந்த அன்று வீட்டு மணிக்கூடு எந்த நேரத்தில் ஓடியது என்று அம்மாவிடம்தான் கேட்கவேண்டும்.